சிம்மில் வைத்தும் குலாப் ஜாமூன் கருகுவது ஏன்?

போன தீபாவளி அன்று காலையில் மண்டபம் ஊரிலிருந்து மதினி ஃபோன் பண்ணினார். "ஏம்மா, நீ சொன்ன மாதிரி சிம்முலதான் வச்சேன். அப்பவும் வெளிய கருத்துப்போச்சு, உள்ள பச்சை மாவா இருக்கு. மாவுதான் சரியில்லையோ?"

மாவின் மேல் குற்றமில்லை. மதினி மேலும் பெரிய குற்றமில்லை. குலாப் ஜாமூன் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் "சிறு தீயில் பொரி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், அந்த வரிதான் பாதிப் பேரை ஏமாற்றுகிறது. சிறு தீ வேறு, குறைந்த சூடு வேறு. குறைந்த சூடு ஏன் வேண்டும் என்பதும் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. "உள்ளே வேகணும்ல" என்பார்கள். சரி, அதிக சூட்டில் வைத்தால் உள்ளேயும் சீக்கிரம் வெந்துவிட வேண்டியதுதானே? இட்லிக் கொப்பரையில் ஆவி நன்றாக வந்தால் இட்லி சீக்கிரம் வேகிறது, ஜாமூனுக்கு மட்டும் என்ன வந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகக் கைக்கு வந்துவிடும்.

வடைக்கு ஓட்டை உண்டு, ஜாமூனுக்கு இல்லை

உளுந்து வடையில் நடுவே ஓட்டை போடுவது அழகுக்காக மட்டும் இல்லை. தட்டையான மாவில் ஓட்டையும் இருந்தால் எண்ணெய் மேலிருந்தும் கீழிருந்தும் நடுவிலிருந்தும் மாவைத் தொடுகிறது. எந்த இடத்து மாவும் எண்ணெயிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்காது. ஓட்டை போடாமல் உருண்டையாகப் போட்ட வடை நடுவில் வேகாமல் கொழகொழவென்று நிற்பதை எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருப்போம்.

ஜாமூன் முழு உருண்டை. நடுப்பகுதிக்குப் போக சூட்டுக்குக் குறுக்குவழி கிடையாது. வெளி அடுக்கு சூடாகி, அது அடுத்த அடுக்குக்குக் கொடுத்து, அது அதற்கு அடுத்ததற்குக் கொடுத்து, இப்படிக் கைமாறித்தான் உள்ளே போக வேண்டும். இப்படிப் பொருள் நகராமல் சூடு மட்டும் கைமாறிப் போவதற்கு வெப்பக் கடத்தல் என்று பெயர். இரும்புக் கரண்டியில் இது வேகமாக நடக்கும், ஒரு முனையை அடுப்பில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுமுனை கையைச் சுடும். மாவில் ரொம்ப மெதுவாக நடக்கும். பால் பவுடரும் மைதாவும் தண்ணீரும் சேர்ந்த மாவு சூட்டைக் கடத்துவதில் சோம்பேறி.

இதில் உருண்டையின் அளவு எதிர்பார்ப்பதைவிட அதிகமாக விளையாடும். உருண்டை ஒன்றரை மடங்கு அகலமாக இருந்தால் உள்ளே வேக ஒன்றரை மடங்கு நேரம் போதும் என்றுதான் தோன்றும். உண்மையில் ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு வேண்டும், ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிய கணக்கு. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, 7 கிராமில் உருட்டினால் ஐந்தரை நிமிடத்தில் நடுப்பகுதி வெந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்பதுபோல் பெரிதாக இருக்கட்டும் என்று 24 கிராமுக்கு உருட்டினால் அகலம் ஒன்றரை மடங்குதான் கூடும், நேரமோ பன்னிரண்டு நிமிடத்துக்குப் போய்விடும். மதினி உருட்டியது பெரிய உருண்டை. பொரித்தது ஆறு நிமிடம்.

இதுவரை: சூடு உருண்டைக்குள் அடுக்கடுக்காக, மெதுவாகத்தான் போகும். உருண்டை சற்றுப் பெரிதானாலும் நேரம் நிறையக் கூடும்.

கருவாடு காயப்போடுபவர்களுக்குத் தெரிந்த விஷயம்

எங்கள் கடற்கரைப் பக்கம் நெத்திலி, காரல் மாதிரிப் பொடி மீனை அப்படியே பரப்பிக் காயவைப்பார்கள். பெரிய மீனை அப்படி முழுசாகப் போட மாட்டார்கள், வயிற்றைக் கீறி, சதையில் கீறல் போட்டு, உப்பைத் திணித்துக் காயவைப்பார்கள். தடித்த மீனை முழுசாகக் கடும் வெயிலில் போட்டால் என்ன ஆகும்? மேல்பக்கம் படபடவென்று காய்ந்து ஓடுபோல் இறுகிவிடும். அந்த ஓடு வந்தபிறகு உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லை. பார்த்தால் நன்றாகக் காய்ந்த கருவாடு, இரண்டு நாள் கழித்துப் பிட்டால் உள்ளே நாற்றம்.

ஜாமூனிலும் அதே கதைதான் நடக்கிறது, மணிக்கணக்குக்குப் பதில் நிமிடக்கணக்கில். எண்ணெய் அதிகச் சூடாக இருந்தால் மேல்தோல் முதல் நிமிடத்திலேயே காய்ந்து இறுகிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் மாவு அப்போதுதான் சூடேறி, உப்ப ஆரம்பிக்கப் போகிறது. சோடா உப்பிலிருந்து வரும் வாயுவும் தண்ணீர் மாறும் ஆவியும் மாவைத் தள்ளி, குட்டிக் குட்டி அறைகளாக்க வேண்டும். அந்த அறைகளில்தான் பிறகு பாகு போய் உட்காரும். மேல்தோல் ஏற்கெனவே இறுகிவிட்டால் மாவு விரிய இடம் எங்கே? ஒன்று, தோல் வெடித்து உருண்டை பிளக்கும். இல்லையென்றால் உப்பாமலே நின்று நடுவில் கெட்டியாக ஒரு கொட்டை உருவாகும். அந்தக் கொட்டைக்குள் பாகு இறங்காது, ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் இறங்காது.

இரண்டு கடிகாரம்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். சூட்டைக் கூட்டினால் வெளியே சீக்கிரம் சிவக்கிறது சரி, உள்ளேயும் அதே அளவு சீக்கிரம் ஏன் வேகவில்லை?

ஜாமூனுக்குள் இரண்டு கடிகாரம் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிறத்தின் கடிகாரம், அது தோலில் ஓடுகிறது. இன்னொன்று வேகும் கடிகாரம், அது நடுவில் ஓடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும், பொரிப்பது என்றால் அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், எண்ணெய்ச் சூட்டைக் கூட்டும்போது நிறக் கடிகாரம் தலைதெறிக்க ஓடுகிறது, வேகும் கடிகாரம் கிட்டத்தட்டப் பழைய வேகத்திலேயே நடக்கிறது.

வேகும் கடிகாரம் ஏன் அப்படி? காரணம் தண்ணீர். மாவில் ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, எவ்வளவு சூடு கொடுத்தாலும் அது தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். கொதிக்கிற உலைக்குக் கீழே தீயை எவ்வளவு ஏற்றினாலும் தண்ணீர் ரொம்பக் குதிக்குமே தவிர, சூடு கூடாது இல்லையா, அதேதான். மேல்தோல் மட்டும் மெல்லிசாகக் காய்ந்து 100-ஐத் தாண்டும். அதற்கு அடியில் இருக்கும் ஈரமான மாவு 100 டிகிரியில்தான் நிற்கும், எண்ணெய் 135 டிகிரியில் இருந்தாலும் 175-இல் இருந்தாலும். நடுப்பகுதியைப் பொறுத்தவரை தன்னைச் சுற்றி 100 டிகிரி இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதனால்தான் எண்ணெயை எக்கச்சக்கமாகக் காய்ச்சினாலும் உள்ளே பெரிய அவசரம் எதுவும் வருவதில்லை. இட்லிக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அதைச் சுற்றி இருப்பதே ஆவிதான், கருகுவதற்கு அங்கே சூடே இல்லை.

நிறக் கடிகாரம் நேர் எதிர். அது ஓடுவது காய்ந்த தோலில், அங்கே தண்ணீரின் கடிவாளம் இல்லை. நிறம் வருவதற்கு முக்கியக் காரணம் மெய்லார்டு வினை. புரதமும் ஒருசில சர்க்கரைகளும் சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குவதுதான் அது. 1912-இல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெய்லார்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. ரொட்டி சிவப்பது, மீன் வறுவலின் முறுகல், காபிக்கொட்டை வறுபடும் வாசம் எல்லாவற்றிலும் இதற்குப் பங்குண்டு. தோராயமாகச் சொன்னால், இந்த மாதிரி வினைகள் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இரண்டு மடங்கு வேகமாகும். 135-இலிருந்து 175-க்குப் போனால் நாலு தடவை இரட்டிக்கிறது, அதாவது 16 மடங்கு. தோலின் சூடு எண்ணெயின் சூட்டை அப்படியே எட்டுவதில்லை என்பதால் சட்டியில் இவ்வளவு வித்தியாசம் வராது, ஆனாலும் எட்டு நிமிடத்தில் வர வேண்டிய நிறம் ஒரு நிமிடத்தில் வந்து நிற்பதற்கு இது தாராளமாகப் போதும்.

ஜாமூன் இதில் மற்ற பலகாரங்களைவிட மோசமாக மாட்டுவதற்கும் காரணம் உண்டு. பால் பவுடர், கோவா இரண்டிலும் பால் புரதமும் இருக்கிறது, லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரையும் நிறைய இருக்கிறது. கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் பாதிக்குப் பாதி லாக்டோஸ்தான். அதாவது நிறம் பிடிக்கத் தேவையான இரண்டு சரக்கும் மாவுக்குள்ளேயே தயாராக உட்கார்ந்திருக்கிறது. வடையும் பஜ்ஜியும் பொரிக்கிற சூட்டில் ஜாமூனைப் போட்டால் கருகாமல் என்ன செய்யும்?

நிறம் நன்றாக வரட்டும் என்று மாவில் ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது, ஏற்கெனவே ஓடுகிற குதிரையை அடிக்கிற வேலை. சோடா உப்பைக் கூட்டுவதும் அப்படித்தான், அது வெடிப்பை மட்டுமில்லாமல் நிறத்தையும் விரைவுபடுத்தும்.

இதுவரை: உள்ளே ஈரம் இருப்பதால் சூடு 100-இலேயே கட்டுப்பட்டிருக்கும், எண்ணெயைக் காய்ச்சி அதை விரட்ட முடியாது. வெளியே நிறம் மட்டும் சூட்டுக்கு ஏற்பப் பாய்ந்து ஓடும். ஆகவே நிறத்தை மெதுவாக்குவது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

சிம் என்பது சூடு இல்லை

இங்கேதான் மதினி வழுக்கினார். அவர் சிம்மில் வைத்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் பூரி சுட்ட எண்ணெய் அது, காய்ந்து கிடந்த எண்ணெய். பூரி முடிந்ததும் தீயைக் குறைத்துவிட்டு உடனே உருண்டைகளைப் போட்டிருக்கிறார். அடுப்பின் திருகு சிம்மில் இருந்தது, எண்ணெய் 180-இல் இருந்தது.

அடியில் ஓட்டை உள்ள குடத்தைக் குழாயடியில் வைத்ததாக நினைத்துப் பாருங்கள். குழாயைத் திறப்பது தீ. குடத்தில் நிற்கும் தண்ணீர் மட்டம் எண்ணெயின் சூடு. ஓட்டை வழியாக ஒழுகுவது சட்டியும் எண்ணெயும் காற்றுக்கு இழக்கும் சூடு. குழாயைச் சிறுசாக்கினால் உடனே மட்டம் இறங்கிவிடாது, ஏற்கெனவே நிறைந்தது ஒழுகித் தீர நேரமாகும். அதேபோல், குழாயைச் சிறுசாகவே வைத்திருந்தாலும் ஒழுகுவதைவிட வருவது அதிகமென்றால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். சிறிய சட்டியில் கொஞ்சம் எண்ணெயை ஊற்றிச் சிம்மிலேயே கால் மணி நேரம் விட்டால், அது ஜாமூனுக்குத் தேவையானதைத் தாண்டிப் போய்விடும். ஆகவே திருகைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், எண்ணெயைத்தான் பார்க்க வேண்டும்.

உருண்டைகளைப் போடுவது குடத்திலிருந்து மொண்டு எடுப்பதுபோல. ஆறு உருண்டை போட்டால் மட்டம் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறிவிடும். அரை லிட்டர் எண்ணெயில் ஒரேயடியாக இருபது போட்டால் தடாலென்று விழும். அடி கனமான இருப்புச்சட்டியும் நிறைய எண்ணெயும் வேண்டும் என்பது இதற்குத்தான், பெரிய குடத்தில் ஒரு செம்பு மொண்டால் மட்டம் அசைவதே தெரியாது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி, காற்று. கச்சான் வீசுகிற மாதங்களில் எங்கள் வீட்டில் அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்தால் சிம்மில் எரியும் தீ ஒரு பக்கமாகப் படுத்துவிடும், சில சமயம் அணைந்தே போகும். சட்டியின் ஒரு ஓரம் மட்டும் காய்ந்து மறு ஓரம் ஆறிக் கிடக்கும். கூடவே மின்விசிறி வேறு ஓடினால் கேட்கவே வேண்டாம். ஜாமூன் பொரிக்கும் அரை மணி நேரத்துக்கு வியர்த்தாலும் பரவாயில்லை, கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

எண்ணெயைப் படிப்பது எப்படி

சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் வேலை சுலபம். உருண்டைகளைப் போடும்போது 135 முதல் 140 டிகிரி, போட்டபின் 125-க்குக் கீழே போகாமல், முடியும்வரை 130-ஐ ஒட்டி. இல்லாவிட்டாலும் குறையில்லை, ஒரு சின்ன உருண்டையே தெர்மாமீட்டர்.

போட்டதும் உருண்டை மூழ்க வேண்டும். மாவு எண்ணெயைவிடக் கனமானது. உள்ளே வாயுவும் ஆவியும் உண்டாகி உப்ப உப்ப, அதே எடை அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், ஒரு கட்டத்தில் எண்ணெயைவிட இலேசாகி மேலே வரும். ஆகவே மேலே வர எடுக்கும் நேரம் எண்ணெயின் சூட்டைச் சொல்லிவிடும். என் சட்டியில் சரியான சூட்டில் உருண்டை இருபது முதல் நாற்பது வினாடிக்குள் சோம்பலாக எழுந்து வருகிறது. போட்ட மாத்திரத்தில் துள்ளி மேலே வந்து, ஒரு நிமிடத்துக்குள் சிவந்துவிட்டால் சூடு அதிகம். ஒன்றரை நிமிடமாகியும் அடியிலேயே கிடந்தால் சூடு போதாது.

கொப்புளத்தையும் பாருங்கள். கொப்புளம் என்பது மாவை விட்டு வெளியேறும் ஆவி. சரியான சூட்டில் உருண்டையைச் சுற்றிப் பாசிமணி கோத்ததுபோல் பொடிக் கொப்புளம் நிதானமாக வந்துகொண்டிருக்கும், சத்தமும் அதிகம் இருக்காது. சடசடவென்று பெரிய கொப்புளம் வந்தால் தீயை அணைத்து மூன்று நாலு நிமிடம் விடுங்கள், அல்லது ஒரு கரண்டி பச்சை எண்ணெயை ஊற்றுங்கள். கொப்புளமே இல்லையென்றால் அதுவும் ஆபத்துதான். குறைந்த சூடு நல்லது என்றால் இன்னும் குறைந்த சூடு இன்னும் நல்லது என்று அர்த்தம் இல்லை. 110 டிகிரிக்கு அருகே போய்விட்டால் மேல்தோல் இறுகவே நேரமாகிவிடும், அதற்குள் உள்ளே இருக்கும் கொழுப்பு இளகி, உருண்டை விரிசல் விட்டு எண்ணெயில் கரைய ஆரம்பிக்கும். தப்பிப் பிழைத்ததும் எண்ணெய் குடித்துக் கனத்துப்போயிருக்கும்.

நிறம் ஒரே சீராக வர

சூடு சரியாக இருந்தும் ஒரு பக்கம் கருப்பும் ஒரு பக்கம் வெளுப்புமாக வருவதற்கு இரண்டு காரணம்தான் நான் பார்த்தது.

முதலாவது, மூழ்கிக் கிடக்கிற அந்த முதல் அரை நிமிடம். சட்டியின் அடி எண்ணெயைவிடச் சூடானது, தீ அதற்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே உருண்டை அசையாமல் உட்கார்ந்தால் தொட்ட இடத்தில் கருவட்டம் விழுந்துவிடும், அது கடைசிவரை போகாது. ஆனால் அந்த நேரத்தில் உருண்டை பச்சை மாவு, கரண்டியால் தொட்டால் நசுங்கும். ஆகவே உருண்டையைத் தொடாமல், கண்கரண்டியின் முதுகால் எண்ணெயை மட்டும் ஓரமாக வட்டமாகச் சுழற்ற வேண்டும். எண்ணெய் சுழன்றால் உருண்டைகளும் அதோடு உருளும்.

இரண்டாவது, மிதக்க ஆரம்பித்த பிறகு. மிதக்கும் உருண்டையின் முதுகு எண்ணெய்க்கு வெளியே நிற்கிறது, வயிறு மட்டும் பொரிகிறது. கொஞ்சம் விட்டுவிட்டால் ஒரு பக்கம் ஈரம் போய் இலேசாகி, கனமான பக்கம் கீழேயே நிலைத்துக்கொள்ளும், திருப்பிவிட்டாலும் பிடிவாதமாக மறுபடி பழைய பக்கமே புரளும். முதலிலிருந்தே உருட்டிக்கொண்டே இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே அளவு காய்ந்து இந்தப் பிடிவாதம் வராது. ஆக அந்த எட்டு நிமிடமும் அடுப்பை விட்டு நகர முடியாது, வாசலில் யார் கூப்பிட்டாலும்.

மீன் பொரித்த எண்ணெயில் ஜாமூன் பொரிக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பூரி, அப்பளம் பொரித்த எண்ணெயும் வேண்டாம், அடியில் கிடக்கும் தூள் கருகி உருண்டையில் புள்ளி புள்ளியாக ஒட்டும்.

ஒரு பாக்கெட், நாலு ஈடு

மதினிக்கு அன்று சாயங்காலம் ஃபோனிலேயே சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்ததை அப்படியே எழுதுகிறேன்.

200 கிராம் ஜாமூன் மிக்ஸ் ஒரு பாக்கெட். தண்ணீர் சுமார் 100 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையாமல் விரலால் சேர்த்து, பத்து நிமிடம் மூடி வைத்தார். அப்புறம் 12 கிராம் அளவுக்கு 24 உருண்டை. உள்ளங்கையில் நெய் தொட்டு, முதலில் சற்று அழுத்தி, பிறகு அழுத்தத்தைக் குறைத்து விரிசல் இல்லாமல் உருட்டச் சொன்னேன். விரிசல் இருந்தால் ஆவி அந்த வழியே பிளந்துகொண்டு வரும்.

புது எண்ணெய் அரை லிட்டர், கனமான சட்டியில். மிதமான தீயில் மூன்று நிமிடம் காயவிட்டு, சிம்முக்குக் குறைத்து, ஒரு நிமிடம் கழித்துச் சோதனை உருண்டை. அது உடனே துள்ளி மேலே வந்துவிட்டது. அணைத்துவிட்டு மூன்று நிமிடம் காத்திருந்தோம். இரண்டாவது சோதனை உருண்டை அரை நிமிடத்தில் எழுந்தது. மறுபடி சிம்மில் பற்றவைத்து ஆறு உருண்டை.

முதல் இரண்டு நிமிடம் நிறமே மாறவில்லை. "ஒண்ணும் நடக்கலையே, தீயைக் கூட்டவா?" என்று மதினி மூன்று தடவை கேட்டார். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பொறுமை இழந்து திருகைத் திருப்புகிறார்கள். கூட்ட வேண்டாம் என்றேன். இரண்டரை நிமிடத்தில் இலேசான பாலாடை மஞ்சள், நாலாவது நிமிடத்தில் வறுத்த ரவை நிறம், ஆறாவதில் தேன். எட்டு நிமிடம் ஆகும்போது செம்பழுப்பு. நமக்கு வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே எடுத்துவிடச் சொன்னேன், வெளியே எடுத்த பிறகும் தோலில் இருக்கும் சூட்டில் கொஞ்சம் சிவக்கும், பாகில் விழுந்ததும் இன்னும் கருத்துத் தெரியும்.

முதல் ஈட்டில் ஒன்றை உடனே கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம். ஒரு ஜாமூன் நட்டம், மீதி 23-க்குக் காப்பு. ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறத்தில், பஞ்சுபோல் பொடி அறைகளோடு இருந்தால் வெந்துவிட்டது. நடுவில் மட்டும் கருத்த ஈரப் பொட்டு, விரலால் அழுத்தினால் களிபோல் ஒட்டினால் வேகவில்லை. மதினிக்கு நடுவில் மிளகளவு ஒரு பொட்டு இருந்தது. அடுத்த ஈட்டுக்கு இன்னும் ஒரு நிமிடம் கூட்டி, தீயைக் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைத்தார். பொட்டு போய்விட்டது.

ஈட்டுக்கு ஈடு இடையில் எண்ணெய் தானாகக் காய்ந்துவிடும், ஏனென்றால் மொண்டு எடுக்க உருண்டை இல்லை. ஆகவே ஒவ்வொரு ஈடும் எடுத்தவுடன் தீயை அணைத்துவிட்டு, அடுத்த ஆறு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு பற்றவைப்பது நல்லது. மூன்றாவது ஈட்டில் இதை மறந்தார். அந்த ஆறு மட்டும் ஆறே நிமிடத்தில் சிவந்துவிட்டன.

பாகில் போட்டதும் சுருங்கினால்

பொரித்தபோது பொம்மென்று இருந்தது, பாகில் போட்டதும் கிழவி முகம்போல் சுருங்கிவிட்டது என்பார்கள். பழியைப் பாகின் மேல் போடுவார்கள். பாகு ரொம்பக் கெட்டியாக, கம்பிப் பதத்தில் இருந்தால் அதுவும் நடக்கும்தான், பிசுக்கென்று ஒட்டும் பதம் போதும். ஆனால் பெரும்பாலும் வினை சட்டியிலேயே நடந்திருக்கும்.

சூடான ஜாமூனின் அறைகளில் ஆவி நிரம்பியிருக்கிறது. ஆறும்போது அது மறுபடி தண்ணீராகிச் சுருங்க, உள்ளே இடம் காலியாகும். அறைகளின் சுவர் நன்றாக வெந்து இறுகியிருந்தால் அந்தக் காலியிடம் பாகை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேகாத சுவரென்றால் தாங்காமல் மடிந்துவிடும், நாம் பார்ப்பது சுருக்கம். இதற்காகத்தான் எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டு மூன்று நிமிடம் விட்டு, இன்னும் சூடு இருக்கும்போதே, கை பொறுக்கும் சூட்டில் உள்ள பாகில் போடுவது. கொதிக்கும் பாகில் போட்டால் தோல் குழைந்து உதிரும்.

மூன்றாவது ஈட்டின் ஆறு ஜாமூனை மதினி தனிக் கிண்ணத்தில் போட்டு வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து மற்றவை ஒன்றேகால் மடங்காவது பெருத்திருந்தன, இந்த ஆறும் போட்ட அளவிலேயே நின்றன, அதில் இரண்டு சுருங்கியும் இருந்தன. வெட்டினால் வெளியே பாகு ஊறிய வட்டம், நடுவே வெள்ளையாக ஊறாத கொட்டை.

சரி, அப்படியானால் கருப்பாக விற்கிறார்களே, காலா ஜாமூன், அது? அதையும் முதலில் இதே குறைந்த சூட்டில்தான் நடுவரை வேகவைக்கிறார்கள். வெந்த பிறகு கடைசியில் தீயைக் கூட்டித் தோலை மட்டும் கருக்குகிறார்கள். வேகும் கடிகாரம் முடிந்துவிட்டதால் நிறக் கடிகாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஓடவிடலாம். மதினியின் அந்தக் காலைச் சட்டியில் ஓடியது நிறக் கடிகாரம் மட்டும்தான், அதனால் அவை கருப்பாக இருந்தும் காலா ஜாமூன் ஆகவில்லை. அண்ணன் மட்டும் இரண்டு சாப்பிட்டாராம்.